'டிஜிட்டல் கைது': பெற்றோரின் பணம் வெளியேறும் முன் குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய உடன்பாடு

'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் முதியவர்களின் வாழ்நாள் சேமிப்பு பறிபோகும் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. அவற்றைப் படிக்கும் பலருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: வங்கியிலும் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் முப்பது ஆண்டுகள் பொறுப்பாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், முன்பின் தெரியாத ஒரு குரலை நம்பி லட்சக்கணக்கான ரூபாயைத் தாங்களே எப்படி அனுப்பினார்கள்? இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். குடும்பம் எந்த இடத்தில் குறுக்கிட முடியும் என்பதும் அப்போது தெளிவாகும்.

டிஜிட்டல் கைது என்பது என்ன

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஒருவரை வீடியோ அழைப்பில் கைது செய்யவோ, கேமரா முன் உட்காரவைத்துக் காவலில் வைக்கவோ இடமில்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35ஆம் பிரிவு நோட்டீஸைக் காவல் துறை வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவுபடுத்தியது. அதே சட்டத்தின் 179ஆம் பிரிவு, 60 வயதைக் கடந்த ஆணையோ எந்த வயதுப் பெண்ணையோ சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி காவல் துறை கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. முதியவர்களுக்குச் சட்டமே இத்தனை சலுகை தந்திருக்கும்போது, மோசடிக்காரர்கள் அதே சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர்களை மிரட்டுகிறார்கள்.

மோசடி பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கிறது. கூரியர் நிறுவனம் அல்லது தொலைத்தொடர்பு ஆணையம் என்று சொல்லிக்கொண்டு முதல் அழைப்பு வரும். உங்கள் ஆதாரைப் பயன்படுத்தி அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் சிக்கியது என்றோ, உங்கள் பெயரில் வாங்கிய சிம் குற்றத்துக்குப் பயன்பட்டது என்றோ சொல்வார்கள். அடுத்து அழைப்பு 'மும்பை காவல் துறை'க்கோ 'சிபிஐ'க்கோ மாற்றப்படும். சீருடை அணிந்தவர் வீடியோவில் தோன்றுவார். பின்னால் கொடியும் இலச்சினையும் இருக்கும். நீதிமன்ற முத்திரையுடன் ஓர் ஆணை வாட்ஸ்அப்பில் வந்து சேரும். கடைசியாக, உங்கள் பணம் சட்டப்பூர்வமானதுதானா என்று 'சரிபார்க்க' அதை ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டும் என்றும், சரிபார்த்ததும் திரும்பி வந்துவிடும் என்றும் சொல்வார்கள்.

இந்த மோசடியிலும் இதையொட்டிய சைபர் குற்றங்களிலும் 2024ஆம் ஆண்டில் சுமார் 1,935 கோடி ரூபாய் பறிபோனதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே தயாரிக்கப்பட்ட போலி ஆணையைக் கண்டு 1 கோடி ரூபாய்க்கும் மேல் இழந்தனர். அந்தச் செய்தியைப் பார்த்து 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் இவ்வகை மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் ஒப்படைத்தது.

'ஓடிபியைச் சொல்லாதீர்கள்' என்ற அறிவுரை இங்கே ஏன் பயன்படுவதில்லை

பத்து ஆண்டுகளாகப் பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இந்த ஒரு வரியைத்தான். கணக்குக்குள் வேறொருவர் புகுந்து திருடும் மோசடிக்கு அது இன்றும் சரியான அறிவுரை. டிஜிட்டல் கைதில் திருடன் கணக்குக்குள் நுழைவதே இல்லை. கணக்கின் உரிமையாளரே வங்கிக்குப் போய், தம் கையெழுத்தைப் போட்டு, வைப்புத்தொகையை முறித்து, பணத்தை அனுப்புகிறார். வங்கியின் கணினி பார்ப்பது உண்மையான வாடிக்கையாளரின் உண்மையான பரிவர்த்தனையை மட்டுமே.

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது சட்டம் சார்ந்தது. மோசடியில் போன பணத்துக்கு வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று பலரும் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். அந்தச் சுற்றறிக்கை 'அங்கீகரிக்கப்படாத' பரிவர்த்தனைகளுக்கானது. தாமே கையெழுத்திட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பைக் கோருவது மிகக் கடினம்.

இரண்டாவது, இந்தக் கட்டுரைக்கு இன்னும் முக்கியமானது. தொழில்நுட்பத் தடைகள் எல்லாம் தோற்றுப்போகும் இந்த மோசடியில், மோசடிக்காரர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை அவர்களே காட்டிவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடங்களுக்குள் அவர்கள் சொல்லும் வாக்கியம் இது: "இது ரகசிய விசாரணை, மகனிடமோ மகளிடமோ சொன்னால் அவர்களையும் வழக்கில் சேர்ப்போம்." வீடியோ அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று மணிக்கணக்கில், சில நேரங்களில் நாட்கணக்கில் கட்டாயப்படுத்துவதும் இதற்காகத்தான். குடும்பத்திலிருந்து ஒருவர் குறுக்கிட்டு "என்னப்பா நடக்கிறது?" என்று கேட்டால் அத்தனையும் கலைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பெற்றோர் எந்த மோசடியையும் அடையாளம் காணும் நிபுணர்களாக வேண்டும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. அவர்கள் அழைப்பை நம்பினாலும் நம்பாவிட்டாலும், பணம் வெளியேறும் முன் இரண்டாவது ஆள் ஒருவரைக் கடந்தே தீர வேண்டும் என்ற நிலையைக் குடும்பம் முன்கூட்டியே உருவாக்கி வைத்தால் போதும்.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது

செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைக் கோத்து, ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வயது 71. மனைவிக்கு 66. மகள் கோயம்புத்தூரில், மகன் அமெரிக்காவின் டல்லாஸில். வங்கியில் 18 லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பாக இருக்கிறது. ஓய்வூதியம் வேறு ஒரு கணக்கில் வருகிறது.

1. திங்கட்கிழமை காலை 10.20: முதல் அழைப்பு. அவர் பெயரையும் ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களையும் அழைத்தவர் சரியாகச் சொல்கிறார். நம்பிக்கை பிறக்கும் இடம் இதுதான். கசிந்த தகவல் பட்டியல்களில் இவை கிடைக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரியாது.

2. 10.45: வீடியோ அழைப்பு. கதவைச் சாத்தச் சொல்கிறார்கள். மனைவியையும் அருகில் உட்காரச் சொல்கிறார்கள். அடுப்பில் வைத்த சாம்பாரை அணைக்க எழுந்தவருக்கு "எங்கே போகிறீர்கள்?" என்று அதட்டல்.

3. 11.30: சேமிப்பு விவரங்களை அவர்களே கேட்டு வாங்குகிறார்கள். எந்த வங்கி, எவ்வளவு வைப்பு, நகை எத்தனை பவுன் என்று 'வாக்குமூலம்' எழுதச் சொல்கிறார்கள். எவ்வளவு பறிக்கலாம் என்பதை அவர்கள் அறிந்துகொள்வது இந்தத் தாளிலிருந்துதான்.

4. பகல் 12.50: மகள் வழக்கம்போல் அழைக்கிறாள். "அப்புறம் பேசுகிறேன்" என்று தந்தை வைத்துவிடுகிறார். மகளுக்குச் சந்தேகம் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறாள்.

5. 2.15: ஆசிரியர் வங்கிக்குப் போகிறார். செல்பேசி சட்டைப் பையில், அழைப்பு துண்டிக்கப்படாமல். கவுண்ட்டரில் இருப்பவர் "சார், டெபாசிட்டை எதற்கு முறிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: "மகன் வீடு வாங்குகிறான்."

6. 2.50: ஆர்டிஜிஎஸ் செலானை நிரப்புகிறார். பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு டிரேடிங் நிறுவனத்தின் பெயர். கிளை வடமாநிலத்தில் ஏதோ ஒரு ஊர். தொகை 17,60,000.

கடைசிப் புள்ளியில் சற்று நிற்க வேண்டும். 'ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணக்கு' என்று சொல்லப்பட்ட கணக்கு, செலானில் ஒரு தனியார் நிறுவனத்தின் நடப்புக் கணக்காக இருக்கிறது. தனிநபர்களின் பணத்தைச் சரிபார்க்க ரிசர்வ் வங்கியில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. இந்த முரண் ஆசிரியரின் கண்ணெதிரே, அவர் கையெழுத்திலேயே இருந்தது. நான்கு மணி நேரம் மிரட்டலில் இருந்தவரால் அதைப் பார்க்க முடியவில்லை. அமைதியாக இருக்கும் வேறொருவருக்கு அந்தச் செலானை ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும்; பத்து வினாடியில் பிடிபட்டிருக்கும்.

ஆர்டிஜிஎஸ் என்பது 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைகளை உடனுக்குடன் மாற்றும் முறை. செல்பேசிச் செயலியில் புதிய பெறுநரைச் சேர்த்தால், பல வங்கிகள் முதல் சில மணி நேரத்துக்குக் குறைந்த தொகையை மட்டுமே அனுப்ப விடுகின்றன. அந்தத் தடை இருப்பதை அறிந்தே மோசடிக்காரர்கள் முதியவரை நேரே கிளைக்கு அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த பணம், கமிஷனுக்காகப் பிறருக்குத் தங்கள் கணக்கைக் கொடுத்தவர்களின் 'மியூல்' கணக்குகள் பலவற்றுக்குச் சிறு சிறு தொகைகளாகப் பிரிந்து போகிறது. அந்தப் பிரிப்புக்குச் சில நிமிடங்களே ஆகும்.

உடன்பாட்டில் என்ன இருக்க வேண்டும்

விதிகள் குறைவாக இருந்தால்தான் பதற்றத்தில் நினைவுக்கு வரும். கீழே உள்ள நான்கும் ஒரே தாளில் அடங்கும்; அந்தத் தாள் வங்கிப் பாஸ்புக்கின் உறைக்குள் இருப்பது நல்லது, ஏனென்றால் வங்கிக்குக் கிளம்பும்போது கட்டாயம் கைபடும் பொருள் அதுதான்.

1. எல்லைத் தொகை. இதுவரை பணம் அனுப்பியிராத ஒருவருக்கு, குறிப்பிட்ட தொகைக்கு மேல் அனுப்புவதற்கு முன் இரண்டாமவரிடம் பேச வேண்டும். அந்தத் தொகையை எப்படி முடிவுசெய்வது? கடந்த மூன்று மாத பாஸ்புக் பதிவுகளை எடுத்து, பால், மருந்து, மின்கட்டணம், கோயில் நன்கொடை, பேரனுக்குக் கொடுத்த பிறந்தநாள் பணம் எல்லாவற்றையும் பாருங்கள். வழக்கமான செலவு எதுவும் தடைபடாத அளவுக்கு எல்லை உயரமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன குடும்பத்துக்கு 10,000 ரூபாய் பொருந்தும். எல்லையை 500 என்று வைத்தால் இரண்டே வாரத்தில் பெற்றோர் சலித்துப்போய் விதியையே கைவிடுவார்கள்; அது நியாயமும்கூட. வைப்புத்தொகையை முறிப்பது, நகையை அடகு வைப்பது, காப்பீட்டை ஒப்படைப்பது ஆகியவற்றுக்கு எல்லையே கிடையாது. எவ்வளவு சிறியதானாலும் பேச வேண்டும்.

2. ஓர் இரவு. எல்லையைத் தாண்டும் பணம் கேட்ட அன்றே போகக் கூடாது. மறுநாள் காலை 11 மணிக்குப் பிறகுதான். வரி அலுவலகமோ நீதிமன்றமோ மருத்துவக் காப்பீட்டு நிறுவனமோ ஒரு நாள் தாமதத்தால் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. விலக்கு ஒன்றே: உடல்நலம் குன்றி மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியிருந்தால். அப்போதும் பணம் அந்த மருத்துவமனையின் கவுண்ட்டருக்குத்தான் போக வேண்டும். தொலைபேசியில் பேசிய ஒருவருக்குப் போகக் கூடாது.

3. இரண்டு பெயர், வரிசையாக. யாரை அழைப்பது என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. முதல் பெயர் உடனே எடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். டல்லாஸில் இருக்கும் மகனுக்கு இங்கே பகல் 2 மணி என்பது அங்கே நள்ளிரவைத் தாண்டிய நேரம். எனவே முதல் பெயர் கோயம்புத்தூர் மகள், இரண்டாவது பெயர் அதே தெருவில் உள்ள தம்பி மகன். பிள்ளை என்பதற்காக மட்டும் பட்டியலில் முதலிடம் கொடுத்தால், தேவைப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். அழைக்கப்படுபவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? செலானைப் படியுங்கள்."

4. பிள்ளைகளுக்கும் அதே விதி. "அப்பா, விபத்து ஆகிவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே பணம் போடுங்கள்" என்று மகன் குரலிலேயே ஓர் அழைப்பு வரலாம். குரலைப் போலியாக உருவாக்குவது இப்போது எளிது. தெரியாத எண்ணிலிருந்து மகனே அழைத்தாலும் வைத்துவிட்டு, செல்பேசியில் ஏற்கெனவே சேமித்த எண்ணுக்குத் திருப்பி அழைப்பது முதல் சோதனை. அது எடுக்கப்படாவிட்டால் ஒரு கேள்வி. பழைய வீட்டின் கொல்லையில் இருந்த மரம், பாட்டி பசுவுக்கு வைத்த பெயர் போன்ற, சமூக ஊடகப் பதிவு எதிலும் இல்லாத ஒன்று. பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்படும்போது, விதி பெற்றோரின் முதுமையைப் பற்றியதாக இல்லாமல் வீட்டின் பழக்கமாகிவிடுகிறது.

கேமரா முன் உட்கார்ந்திருப்பவரால் எப்படி அழைக்க முடியும்

மேலே உள்ள நான்கு விதிகளிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. கண்காணிப்பில் இருக்கும் முதியவர் தாமாக எவரையும் அழைக்கத் துணிய மாட்டார். எனவே குறுக்கீடு வெளியிலிருந்தும் வர வேண்டும்.

அதற்கு இரண்டு ஏற்பாடுகள். முதலாவது, ஒரு மறைமொழி வாக்கியம். தந்தை தொலைபேசியில் "வெள்ளை வேட்டி சலவைக்குப் போயிருக்கிறது" என்று சொன்னால், பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், உதவி வேண்டும் என்று பொருள். மொழி தெரிந்த மோசடிக்காரர் கேட்டாலும் அதில் சந்தேகப்பட எதுவுமில்லை. மேலே சொன்ன நிகழ்வில், 12.50க்கு மகள் அழைத்தபோது "அப்புறம் பேசுகிறேன், வெள்ளை வேட்டி சலவைக்குப் போயிருக்கிறது" என்று சொல்லியிருந்தால், வங்கிக்குக் கிளம்ப இன்னும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கும்.

இரண்டாவது ஏற்பாடு பெற்றோர் எதையுமே செய்யத் தேவையில்லாதது. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேசும் பழக்கம் பல குடும்பங்களில் ஏற்கெனவே உண்டு. அந்த அழைப்பு எடுக்கப்படாமலோ, அரை நிமிடத்தில் முடிக்கப்பட்டோ, ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வராமலோ இருந்தால், தெருவில் உள்ள இரண்டாவது பெயர்க்காரர் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒரு மனிதர் நேரில் வந்து நின்றால் பெரும்பாலும் மாயை கலைந்துவிடுகிறது. அவர் செய்ய வேண்டியது வாதம் அல்ல. அந்தச் செல்பேசியை வாங்கி அழைப்பைத் துண்டித்து, அதை அணைத்துவிடுவதுதான். வீட்டில் இருப்பவர்கள் அப்போது "இவன் வந்து கெடுத்துவிட்டானே, இனிக் கைது செய்துவிடுவார்களே" என்று அழவும் செய்யலாம். அரை மணி நேரம் உடனிருந்து, பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஒன்றாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தால் பயம் தெளியும்.

வங்கியில் போட்டு வைக்கக்கூடிய பூட்டுகள்

உடன்பாடு மறந்துபோகும் நாளுக்காக, பணம் இருக்கும் இடத்திலேயே சில தடைகளை வைக்கலாம்.

எளிதானதும் பயனுள்ளதும் கணக்குகளைப் பிரிப்பது. ஓய்வூதியம் வரும் கணக்கில் மட்டும் யுபிஐயும் ஏடிஎம் அட்டையும் இருக்கட்டும். அதில் இரண்டு மூன்று மாதச் செலவுக்கு மேல் தங்க வேண்டாம். பெரிய சேமிப்பு வேறொரு கணக்கில், நெட் பேங்கிங்கும் செயலியும் இல்லாமல் இருக்கட்டும். செயலியில் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைப்பதும் நல்லதே. ஆனால் மிரட்டலுக்கு உள்ளானவர் அதே செயலியில் வரம்பை உயர்த்திவிட முடியும் என்பதால் அதை முழுத் தடையாக நம்பக் கூடாது.

நிரந்தர வைப்பைப் பொறுத்தவரை பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. இருவர் பெயரில் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் வைத்த வைப்பை, முதிர்வு நாளில் ஒருவரே வாங்கிக்கொள்ளலாம். முதிர்வுக்கு முன் முறிக்க வேண்டுமானால் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்பது ரிசர்வ் வங்கி ஏற்ற வழக்கம். கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து வைத்திருந்தால் இதனால் பயனில்லை, ஏனென்றால் இருவருமே ஒரே அறையில் ஒரே மிரட்டலில் இருப்பார்கள். கோயம்புத்தூர் மகள் இரண்டாம் பெயராக இருந்தால், அவள் கையெழுத்து இல்லாமல் வைப்பை முறிப்பது கடினமாகும். வைப்புத் தொடங்கும்போதே கிளையில் கேட்க வேண்டியவை இரண்டு: முன்கூட்டி முறிக்க இரு கையெழுத்தும் கட்டாயமா, செயலி வழியாக ஒருவரே முறிக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவைக்க முடியுமா. வங்கிக்கு வங்கி பதில் மாறும்.

மகளின் பெயரைச் சேர்த்துவிட்டால் பணம் அவளுடையதாகிவிடுமே என்ற தயக்கம் பல பெற்றோருக்கு உண்டு. முதல் பெயர் பெற்றோருடையதாக இருக்கும் வரை வட்டியும் வரிக்கணக்கும் வழக்கமாக அவர்கள் பெயரிலேயே இருக்கும். ஆயினும் எஞ்சியவர் என்ற முறையில் பிற்பாடு பணத்தைப் பெறுபவர் மகள்தான் என்பதால், மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிந்தே இதைச் செய்ய வேண்டும். பிள்ளையிடமே முழு நம்பிக்கை இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே இந்தப் பூட்டைத் தவிர்த்துவிட்டு, கணக்குகளைப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டு, இரண்டாவது பெயராக ஒரு பழைய நண்பரைத் தேர்வது பொருத்தமானது. அவரிடம் கேட்பது அபிப்பிராயம் மட்டுமே, அனுமதி அல்ல. எந்த வீட்டிலும் பிள்ளைகள் பெற்றோரின் பின் எண்ணையோ கடவுச்சொல்லையோ வாங்கி வைத்துக்கொள்வது இந்த ஏற்பாட்டில் சேராது. அது வேறொரு அபாயம்.

பணம் போய்விட்டால்

அனுப்பிய பணம் மியூல் கணக்குகளில் தங்கியிருக்கும் சிறிது நேரம்தான் வாய்ப்பு. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். 1930இல் பதிவாகும் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போய், அந்தந்தக் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: அனுப்பிய வங்கிக் கணக்கு எண், தொகை, நேரம், பணம் போன கணக்கின் விவரம், யுடிஆர் எண். ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்தில் யுடிஆர் என்பது 22 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண். கிளையில் கேட்டால் தருவார்கள். குடும்பத்தில் ஒருவர் 1930இல் காத்திருக்கும்போது மற்றொருவர் அனுப்பிய கிளைக்கு நேரில் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த முதல் மணி நேரம் பெரும்பாலும் வீணாவதற்குக் காரணம் வெட்கம். பிள்ளைகள் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்துவிட்டுப் பிறகு சொல்லும் பெற்றோர் உண்டு. அதற்குள் நிறுத்திவைக்க எதுவும் எஞ்சியிருக்காது. "போனால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்க மாட்டேன்" என்ற ஒரு வரியையும் அந்தத் தாளில் எழுதி, பிள்ளைகள் கையெழுத்திடலாம்.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னோர் அழைப்பு வரக்கூடும். சைபர் பிரிவிலிருந்தோ வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்தோ பேசுவதாகச் சொல்பவர், இழந்த 17,60,000 ரூபாய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றும், அதை விடுவிக்க 45,000 ரூபாய் 'நீதிமன்றக் கட்டணம்' இன்றே கட்ட வேண்டும் என்றும் கூறுவார். இழந்த தொகையை அவர் துல்லியமாகச் சொல்லக் காரணம், அதை எடுத்துக்கொண்டவர்களிடமிருந்தே அவருக்கு அந்த விவரம் கிடைத்திருக்கும் என்பதுதான். 45,000 என்பது எல்லைத் தொகைக்கு மேல், பெறுபவர் புதியவர், கேட்பது இன்றைக்கே. பாஸ்புக் உறையில் உள்ள தாளின்படி கோயம்புத்தூருக்கு அழைப்பு போக வேண்டும், பணம் நாளை காலை 11 மணி வரை அசையக் கூடாது.